சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

தாராவியில் சோபா பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மழைக்காலம் வந்தால் எனக்கு வேலை கூடும். 2024 ஜூலையில் செம்பூரிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். மூன்று பேர் அமரும் சோபாவின் முன்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. 2020இல் 26,000 ரூபாய்க்கு வாங்கியது. இரண்டாண்டில் கைப்பிடி ஆடியிருக்கிறது. யாரோ ஒரு தச்சர் நீளமான திருகுகளை முடுக்கிவிட்டு 3,000 வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கவிழ்த்து, அடியிலிருந்த கறுப்புத் துணியை நீக்கினேன். இருக்கையின் முன்சட்டம் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சில்லுகளையும் பசையில் அழுத்திச் செய்யும் பலகை அது. தினமும் தரை துடைக்கும் ஈரத்தையும் மும்பையின் நான்கு மாத மழைக்காற்றையும் குடித்து ஓரங்கள் உப்பியிருந்தன. உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. திருகு பிடித்திருந்த இடம் பொடியாக உதிர்ந்தது. அந்தத் தச்சரைக் குறை சொல்லமாட்டேன். ஒருமுறை பிடி விட்ட பார்ட்டிகிள் போர்டில் நீளத் திருகும் நிற்காது.

"இனி நல்ல மரத்தில்தான் வாங்குவேன், தம்பி" என்றார் அக்கா. எந்த மரம் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

அசல் மரம் என்ற பெயரில் எல்லாமே விற்கிறது. வெளியே தெரியும் கால்களும் கைப்பிடியும் சீஷம் என்னும் கடினமரமாக இருக்கும். துணிக்குள் மறைந்த சட்டம் பழைய பெட்டிகளைப் பிரித்தெடுத்த மென்மரமாக இருக்கும். தேக்கிலும் வைரம் பாய்ந்த உட்பகுதி வேறு, அதைச் சுற்றியுள்ள வெளிறு வேறு. வெளிறை வண்டு துளைக்கும். சோபாவுக்கு அடியில் மாவுபோல் தூள் கொட்டினால் மரம் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட மரத்தைவிட நல்ல பிளைவுட் எவ்வளவோ மேல். மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது என்பதால் அது எளிதில் பிளக்காது, வளையாது. பார்ட்டிகிள் போர்டு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பிளைவுட் மூன்றையும் 'என்ஜினியர்டு வுட்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவதுதான் குழப்பத்துக்கு வேர்.

நல்ல மரத்தின் உண்மையான லாபம் பழுதுபார்க்கும்போது தெரியும். மாட்டுங்காவில் ஒரு மாமியின் தேக்கு சோபாவை 2008 முதல் நான்தான் பார்த்துவருகிறேன். சட்டங்கள் ஒன்றின் கழுந்து முனை மற்றதன் துளைக்குள் நுழையும்படி பொருத்தப்பட்டவை. இணைப்பு தளர்ந்தால் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை தடவி, ஓர் இரவு இறுக்கிக் கட்டிவைத்தால் போதும், கூலி 2,000. ஸ்பாஞ்சும் துணியும் 2015இல் ஒருமுறை, 2022இல் ஒருமுறை மாற்றினோம். எந்தச் சட்டமானாலும் இந்தச் செலவு உண்டு. ஸ்பாஞ்சுக்கு மரத்தின் ஆயுள் கிடையாது.

அக்காவின் வீட்டிலேயே தாளில் கணக்குப் போட்டோம். பழைய சோபாவுக்கு 29,000 செலவு, நான்கு ஆண்டு, ஆண்டுக்கு 7,250. மாமியுடையதைப் போல 2024 விலையில் தேக்கில் செய்தால் 80,000 ஆகும். பதினாறு ஆண்டில் இரண்டு முறை துணி மாற்ற 38,000. அதுவும் ஆண்டுக்கு ஏறக்குறைய 7,400 வந்து நின்றது! இருபத்தைந்து ஆண்டு வைத்திருப்பவருக்குத்தான் தேக்கு மலிவு. பிளைவுட் சட்டத்தில் 42,000, இடையில் ஒருமுறை துணிக்கு 18,000, பன்னிரண்டு ஆண்டு தாங்கினால் ஆண்டுக்கு 5,000. அக்கா இருப்பது வாடகை வீடு. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் தேக்கு சோபாவை மாடிப்படியில் ஏற்றி இறக்கும் கூலி இந்தக் கணக்கில் இல்லை.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். சோபாவின் ஒரு முன்காலை அரையடி தூக்குங்கள். அதற்குள் மறு முன்காலும் தரையைவிட்டு எழ வேண்டும். எழாவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது. பிறகு கவிழ்த்து, அடித்துணியின் ஒரு மூலையை விலக்கிக் காட்டச் சொல்லிக் கைப்பேசி விளக்கை அடியுங்கள். வெட்டிய ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், ரவைபோல் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு, அட்டைபோல் மழமழவென்று இருந்தால் எம்.டி.எஃப். விலக்க மறுக்கும் கடையில் நான் வாங்கமாட்டேன். பிளைவுட்டிலும் இந்தியத் தர எண் பாருங்கள்: ஐஎஸ் 303 பொதுப் பயன்பாட்டு ரகம், ஐஎஸ் 710 ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் மரைன் ரகம். மும்பைக்கு இரண்டாவதுதான் சரி.

அடுத்த வாரம் அக்கா புது சோபாவின் பில்லைப் படமெடுத்து அனுப்பினார். 'சட்டம்: பிளைவுட், ஐஎஸ் 710' என்று கடைக்காரர் கையால் எழுதி, முத்திரையும் குத்தியிருந்தார். கால்கள் மட்டும் இரண்டு அங்குலம்தான். தரை துடைக்கும் ஈரம் எட்டாதபடி நான்கு அங்குலக் கால் மாற்றித் தரச் சொல்லுங்கள் என்று பதில் அனுப்பினேன்.