பொத்தானைத் தொட்டபின் அரை நொடி

ஆன்லைனில் விற்கும் பொருளுக்கான டெமோ வீடியோவில் செயலியின் திரைப்பதிவும், பொருளை ஃபோனில் எடுத்த ஷாட்டும் மாறி மாறி வரும். தனியாகப் பார்த்தால் இரண்டுமே தெளிவாக இருக்கும். ஒட்டிப் போட்டதும்தான் பார்ப்பவர் "இப்ப என்ன ஆச்சு?" என்று பின்னால் ஓட்டிப் பார்க்கிறார்.

லேபிள் அச்சிடும் சின்ன பிரிண்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திரைப்பதிவில் 'அச்சிடு' பொத்தானை விரல் தொடுகிறது. உடனே வெட்டி, காகிதம் பாதி வெளியே வந்த நிலையில் அடுத்த ஷாட்டைத் தொடங்குகிறார்கள். வேகம் வேண்டுமாம்! ஆனால் காட்சி மாறியதும் எங்கே பார்ப்பது என்று முடிவுசெய்து கண் அங்கே தாவ ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். தாவும் அந்த நேரத்தில் பார்வைக் கூர்மையும் குறைகிறது. நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் அது 6 ஃப்ரேம். கண் பிரிண்டரைக் கண்டுபிடிப்பதற்குள் காகிதம் வந்து நிற்கிறது. அது வெளிவருவதைப் பார்க்காததால், தொட்டதால்தான் வந்தது என்று மனம் முடிச்சுப் போடுவதில்லை.

ஆகவே ஷாட்டைக் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்க வேண்டும். பிரிண்டர் சும்மா இருப்பதை 12 முதல் 15 ஃப்ரேம், அதாவது அரை நொடிக்குள், காட்டிவிட்டு அப்புறம் காகிதம் நகரட்டும். பொத்தான் திரையின் கீழ்ப்பகுதியில் இருந்தால், பிரிண்டரின் வாயும் ஃப்ரேமில் அதே இடத்தில் வரும்படி எடுத்தால் கண் அதிகம் அலையாது. இன்னும் சில ஃப்ரேம்களைக் குறைக்கலாம். திரைப்பதிவிலும் தொடுவதற்கு முன் விரல் அரை நொடி நிற்கட்டும். விரல் பதிவில் தெரியாது என்பதால், ஆண்ட்ராய்டில் டெவலப்பர் அமைப்புகளில் உள்ள Show taps-ஐ இயக்கிவிட்டால் தொடும் இடம் புள்ளியாகத் தெரியும்.

இவ்வளவு கணக்குப் பார்த்தும் சில சமயம் ஒலி நழுவும். பல திரைப்பதிவுச் செயலிகள் நிலையான ஃப்ரேம் வேகத்தில் பதிவதில்லை. திரை மாறும்போது மட்டும் ஃப்ரேம் சேர்க்கின்றன. சில எடிட்டர்கள் இதைத் தப்பாகப் படிக்கும். ஆரம்பத்தில் சரியாக இருந்த 'டிக்' ஒலி போகப்போகத் தள்ளிப்போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். எடிட்டிங்குக்கு முன்பே ffmpeg என்ற மென்பொருளில் இந்தக் கட்டளையை ஓட்டி, பதிவை நொடிக்கு நிலையான 30 ஃப்ரேமுக்கு மாற்றிவிடுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -vf fps=30 -c:a copy out.mp4
```

சரியாக வந்ததா என்று பார்க்க, வீடியோவை ஒலியில்லாமல் புதியவர் ஒருவருக்கு ஒருமுறை மட்டும் போட்டுக் காட்டி, எதைத் தொட்டதும் காகிதம் வந்தது என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால், வெட்டுக்குப் பின் இன்னும் நாலைந்து ஃப்ரேம் சேர்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பிரிண்டர் உண்மையில் 4 நொடி யோசித்துவிட்டுத்தான் அச்சிடும் என்றால், வெட்டு அந்தக் காத்திருப்பை விழுங்கிவிடும். வாங்கியவர் அதைக் கோளாறென்று நினைத்துத் திருப்பி அனுப்புவார். அப்படிப்பட்ட பொருளுக்கு வீடியோவில் ஓரிடத்திலாவது ஃபோனும் பிரிண்டரும் ஒரே ஃப்ரேமில் இருக்கும்படி, வெட்டில்லாத ஷாட் ஒன்று வையுங்கள்.