பழைய போனைக் கொடுப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

வேலூரில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் என் கடைக்கு உப்பிய பேட்டரிகள் வர ஆரம்பித்துவிடும். பின்மூடி தூக்கிக்கொண்டு, திரை ஓரம் விலகி, ஒருவழியாக ஓடிக்கொண்டிருக்கும் போன்கள். பலர் அதைச் சரி செய்வதில்லை. அன்று சாயந்திரமே புதுசு ஆர்டர் போட்டு, டெலிவரிக்கு வருபவரிடம் பழையதை எக்ஸ்சேஞ்சில் வாசலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் வருவார்கள்: "பாதிப் பேரோட நம்பர் காணோம், கொழந்த போட்டோவும் காணோம்."

அதற்குள் பழைய போனை ரீசெட் செய்திருப்பார்கள். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய வடிவத்தில்தான் பதிவாகிறது. ரீசெட் செய்தால் பூட்டைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும். பிறகு எந்தக் கடையில் எந்த மென்பொருளைப் போட்டாலும் படங்கள் திரும்ப வராது. மீட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இவர்களில் முக்கால்வாசிப் பேர் பேக்கப்பே எடுக்காதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எடுத்திருப்பார்கள். ஆனால் எது ஏறியது, எது ஏறவில்லை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதனால் என்னிடம் வருபவர்களுக்கு ஒரு தாள் கொடுத்து எண்களை எழுத வைக்கிறேன். பழைய போனில் எத்தனை, வெளியே எத்தனை. இரண்டும் பொருந்தினால்தான் டிக். போன மாதம் குடியாத்தத்திலிருந்து வந்த தையல்கடை அக்கா ஒருவரோடு உட்கார்ந்து செய்ததை அப்படியே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பேட்டரி உப்பியிருந்தால் அந்த போனை சார்ஜில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் காப்பி எடுக்காதீர்கள், தீப்பிடிக்கக்கூடும். தூக்கி எறியப்போகிற போனுக்குச் செலவா என்று தோன்றும். இருந்தாலும் முதலில் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

☐ பேட்டரி உப்பவில்லை, அல்லது மாற்றியாகிவிட்டது

நம்பர்கள்

"எல்லாம் கூகுள்ல ஏறியிருக்கும் தம்பி. இன்னாத்துக்கு எண்ணணும்?" என்றார் அக்கா. கான்டாக்ட்ஸ் பட்டியலில் மொத்தம் 618 பெயர்கள் இருந்தன. என் கம்ப்யூட்டரில் பிரைவேட் விண்டோ திறந்து, contacts.google.com பக்கத்தில் அவரை அவருடைய கணக்கில் நுழையச் சொன்னேன். அங்கே 391தான் இருந்தது. அக்காவுக்கு முகம் வாடிவிட்டது.

மீதி 227 எங்கே? போனில் ஒரே பட்டியலாகத் தெரிந்தாலும் பெயர்கள் மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கும்: கூகுள் கணக்கு, சிம் கார்டு, போனின் சொந்த நினைவகம். புதுப் பெயர் போடும்போது எங்கே சேமிக்க என்று போன் ஒரு தடவை கேட்கும். அன்றைக்கு அவசரத்தில் எதைத் தொட்டோமோ, அதற்கப்புறம் எல்லாமே அங்கேதான் போகும். கான்டாக்ட்ஸ் செயலியில் கணக்குவாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்தோம். சிம்மில் 140, போனில் 87. கணக்கு சரியாக வந்தது.

சிம்தான் புது போனுக்கும் வருமே என்று கேட்பார்கள். வரும். ஆனால் சிம்மில் ஒரு பெயருக்குப் பெரும்பாலும் ஒரு நம்பர்தான் நிற்கும், நீளமான பெயர் வெட்டுப்படும், தமிழில் எழுதியிருந்தால் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். அக்காவின் சிம்மில் 'மல்லிகா பே' என்று மூன்று பேர் இருந்தார்கள். பேரணாம்பட்டு மல்லிகா யார், பேங்க் மல்லிகா யார் என்று அவருக்கே தெரியவில்லை. நாளைக்கு சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கினால் அது காலியாகத்தான் வரும்.

போனில் இருந்த 87 பெயர்களையும் எக்ஸ்போர்ட் கொடுத்து .vcf கோப்பாக எடுத்து, அதையே கூகுள் கணக்குக்குள் இம்போர்ட் செய்தோம். சிம்மில் இருந்ததையும் அதேபோல் கணக்குக்குக் கொண்டுவந்தோம். கம்ப்யூட்டரில் பக்கத்தைப் புதுப்பித்தபோது 618 என்று காட்டியது. ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தால் சேர்த்துக்கொள்ளவா என்று கூகுள் கேட்கும். எண்ணிக்கை பொருந்தும்வரை அதற்குச் சம்மதிக்காதீர்கள், கணக்கு குழம்பிவிடும். அந்த .vcf கோப்பை அக்கா தன் மெயிலுக்கே ஒன்று அனுப்பி வைத்துக்கொண்டார்.

☐ போனில் மொத்தம் ____ , கூகுள் பக்கத்தில் ____
☐ கூகுள் பக்கத்தில் மூன்று பெயர் தேடிப் பார்த்தேன் (ரொம்பப் பழையது ஒன்று, போன வாரம் போட்டது ஒன்று, தமிழில் எழுதியது ஒன்று)
☐ புதுப் பெயர்கள் இனி கூகுள் கணக்கில் சேரும்படி மாற்றியாகிவிட்டது
☐ வேறு கம்ப்யூட்டரில் நுழைந்திருந்தால் வெளியேறியாகிவிட்டது

படங்கள்

இங்கேதான் நேரம் பிடித்தது. கூகுள் போட்டோஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முகப்புப் படத்தைத் தொட்டுப் பார்த்தால் இடம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை இருந்தது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி படங்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ஜிமெயில், டிரைவ், ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப் எல்லாமே அதே 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும். அக்காவுக்கு பொங்கலோடு அது நிரம்பிவிட்டது. அதன்பிறகு எடுத்த ஒரு படமும் மேலே ஏறவில்லை. பழைய படங்கள் வழக்கம்போலத் தெரிந்துகொண்டே இருந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில் காத்திருந்தது. கூகுள் போட்டோஸ் தானாக மேலே ஏற்றுவது கேமராவில் எடுத்த படங்களை மட்டும்தான். வாட்ஸ்அப்பில் வந்தவை, ஸ்கிரீன்ஷாட், டவுன்லோட் ஆனவை எல்லாம் தனித்தனிக் கோப்புறைகள். அமைப்புகளில் Backup பகுதிக்குள் Back up device folders என்ற இடத்தில் ஒவ்வொன்றாகத் தேர்வு செய்தால்தான் அவையும் ஏறும். வாடிக்கையாளர்கள் அனுப்பிய பிளவுஸ் டிசைன்கள், அளவு எழுதிய தாள்களின் படங்கள், அக்காவின் தொழிலே அந்த வாட்ஸ்அப் கோப்புறையில்தான் இருந்தது. அதில் ஒன்றுகூட மேலே இல்லை.

மொத்தப் படமும் வீடியோவும் 22 ஜிபி. பணம் கட்டி இடம் வாங்கலாம். அக்காவுக்கு மாதாமாதம் கட்ட விருப்பமில்லை, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எடுத்தோம்.

போனைக் கம்ப்யூட்டரில் சொருகியதும் உள்ளே காலியாகக் காட்டினால் பதறாதீர்கள். போன் பூட்டியிருந்தால் அப்படித்தான் காட்டும். பூட்டைத் திறந்து, File transfer என்று தேர்வு செய்ய வேண்டும். அப்போதும் தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். கேமரா படங்கள் DCIM கோப்புறையில் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள் கொஞ்சம் ஆழத்தில் இருக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

கேமரா கோப்புறையில் 3,412 கோப்புகள் இருந்தன. காப்பி முடிந்தது போலத் தெரிந்தது. பென் டிரைவில் எண்ணினால் 2,968தான். நடுவில் கேபிள் அசைந்து தொடர்பு அறுந்திருக்கிறது. தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தோம். போன தீபாவளிக்கு அப்புறம் எதுவுமே இல்லை. எண்ணாமல் விட்டிருந்தால், மகளின் வளைகாப்புப் படம் அத்தனையும் எக்ஸ்சேஞ்சோடு போயிருக்கும். மீதி 444ஐயும் மறுபடி எடுத்தோம். மொத்தத்தையும் ஒரே வீச்சில் இழுத்துப் போடாமல் கோப்புறை கோப்புறையாக எடுத்தால், எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பது சுலபம்.

இன்னொன்று. மேலே ஏறிவிட்டது என்ற நம்பிக்கையில் போட்டோஸ் செயலிக்குள் போய்ப் படங்களை அழிக்காதீர்கள். அங்கே அழித்தால் போனிலும் மேலேயும் சேர்ந்தே அழியும். ஏறிய படமென்றால் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அவ்வளவுதான்.

☐ கேமரா: போனில் ____ , வெளியே ____
☐ வாட்ஸ்அப் படங்கள், வீடியோக்கள்: போனில் ____ , வெளியே ____
☐ முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம், ஒரு வீடியோ ஆகியவற்றைப் பென் டிரைவிலிருந்து திறந்து பார்த்தேன்
☐ லாக்டு ஃபோல்டர், செக்யூர் ஃபோல்டரில் ஒளித்து வைத்தவற்றையும் வெளியே எடுத்தேன்

குரல்கள், வாட்ஸ்அப்

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அக்கா மெதுவாகக் கேட்டார்: "அப்பா பேசினது இருக்கும்ல தம்பி?" அவருடைய அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் வாட்ஸ்அப்பில் இருந்தன.

கூகுள் போட்டோஸ் குரல் பதிவுகளைத் தொடவே தொடாது. மேலே சொன்ன Media கோப்புறைக்குள் WhatsApp Voice Notes என்று ஒன்று இருக்கிறது, அதையும் அப்படியே பென் டிரைவுக்கு எடுத்தோம். ஆனால் அதில் யார் பேசியது என்று பெயர் இருக்காது, தேதியும் எண்ணும்தான் இருக்கும். அதனால் அப்பாவின் சாட்டைத் திறந்து, ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து ஷேர் கொடுத்து, 'அப்பா' என்ற கோப்புறையில் தனியாக வைத்தோம். முப்பத்தியொரு பதிவுகள். கடையில் வேறு ஆட்கள் காத்திருந்தாலும் யாரும் அவசரப்படுத்தவில்லை.

உரையாடல்களுக்கு, இரண்டு போனும் கையில் இருக்கும்போது, வாட்ஸ்அப் அமைப்புகளில் Transfer chats வழியாக க்யூஆர் கோடு காட்டி நேராக மாற்றுவதையே நான் விரும்புகிறேன். கூகுள் இடம் நிரம்பியிருந்தாலும் இது நடக்கும். பேக்கப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருப்பவர்கள் அதை மறந்திருந்தால் வாட்ஸ்அப்பாலும் திறந்து தர முடியாது. பழைய போன் ஓடும்போதே சரிபார்த்துவிடுங்கள்.

☐ முக்கியமான குரல் பதிவுகளைத் தனியாக எடுத்துக் கேட்டுப் பார்த்தேன்
☐ புது போனில் வாட்ஸ்அப் திறந்து, இரண்டு வருடம் முந்தைய உரையாடல் ஒன்றைப் பார்த்தேன்

ஆவணங்கள்

டிஜிலாக்கருக்குள் அரசுத் துறைகளிடமிருந்து வந்து சேர்ந்த சான்றிதழ்களுக்குக் கவலை இல்லை, புது போனில் நுழைந்தால் இருக்கும். Download, Documents கோப்புறைகளை காப்பி எடுத்தால் பிடிஎஃப்கள் வந்துவிடும். அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

பழைய போனைப் பத்து நாள் பீரோவில் வைத்திருங்கள், எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஆறாம் நாள் போன் வந்தது. வீட்டு வரி ரசீதும் பட்டாவும் ஒரு ஸ்கேனர் செயலியில் எடுத்து வைத்திருந்தாராம். புது போனில் செயலி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. இப்படிச் சில செயலிகள் தங்கள் கோப்புகளை வெளியே தெரியாத சொந்த அறையில் வைத்துக்கொள்ளும். நாங்கள் எண்ணிய எந்தக் கோப்புறையிலும் அவை வராது. பழைய போனை ஆன் செய்து, செயலிக்குள் போய் ஒவ்வொன்றையும் பிடிஎஃப்பாக மெயிலுக்கு அனுப்பச் சொன்னேன். ஒன்பது ஆவணங்கள் கிடைத்தன. அன்றிலிருந்து என் தாளில் இந்த வரியையும் சேர்த்துவிட்டேன்.

☐ ஸ்கேனர், நோட்ஸ், கணக்கு எழுதும் செயலிகள், கணக்கில் நுழையும்போது கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கும் குறியீட்டைத் தரும் செயலிகள் ஒவ்வொன்றையும் புது போனில் திறந்து பார்த்தேன்
☐ பழைய போன் பத்து நாள் கையில் இருந்தது
☐ மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றி, அமைப்புகளில் கூகுள் கணக்கை நீக்கி, அதன்பிறகு ரீசெட் செய்தேன்

கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால், வாங்குபவர் ஆன் செய்யும்போது போன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கலாம். அக்காவின் போன் பதினோராவது நாள் ரீசெட் ஆனது. பென் டிரைவ் பீரோவில் இருக்கிறது, அதன் இன்னொரு நகல் மகளின் லேப்டாப்பில்.