0.14 என்ற எண்ணை நம்பினால் சிங்கிள் மோடு ஃபைபரே இல்லை

கார்னிங் நிறுவனத்தின் எஸ்எம்எஃப்-28, ஒளியை ஒரே வடிவில், அதாவது ஒரே மோடில், கொண்டுசெல்வதற்கென்று செய்த கண்ணாடி ஃபைபர். அதன் விவரத்தாளில் மூன்று எண்கள் அருகருகே கிடக்கும். நடுவில் உள்ள கோரின் விட்டம் 8.2 மைக்ரோமீட்டர். ஒளியின் கோண விரிவைக் குறிக்கும் நியூமெரிக்கல் அப்பர்ச்சர் 0.14. கேபிளாகக் கட்டிய பின் கட்-ஆஃப் அலைநீளம், அதாவது எதற்கு மேல் ஒரே மோடு மட்டும் ஓடுமோ அந்த அலைநீளம், 1260 நானோமீட்டருக்கு மேல் போகாது. கல்லூரியில் படித்த சூத்திரத்தை எடுத்து, முதல் இரண்டு எண்களையும் அதில் போட்டு மூன்றாவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1500 நானோமீட்டர் என்று விடை வரும். விவரத்தாள் சொல்வதைவிட 240 அதிகம். அந்தக் கணக்கை நம்பினால், 1310 நானோமீட்டரில் ஓடும் எல்லா இணைப்புகளிலும் இந்த ஃபைபர் ஒன்றுக்கு மேற்பட்ட மோடுகளைச் சுமந்தாக வேண்டும். உண்மையில் அப்படிச் சுமப்பதில்லை.

விவரத்தாளிலும் பிழையில்லை, சூத்திரத்திலும் பிழையில்லை. எங்கே இடறுகிறோம் என்று பார்ப்பதற்கு முன் அந்தச் சூத்திரம் என்ன சொல்கிறது என்று புரிய வேண்டும்.

```
V  = (2πa / λ) × NA
NA = √(n₁² − n₂²)
```

இதில் a என்பது கோரின் ஆரம், λ அலைநீளம், n₁ கோரின் ஒளிவிலகல் எண், n₂ அதைச் சுற்றியுள்ள கிளாடிங்கின் ஒளிவிலகல் எண். V என்பதற்கு இயல்பாக்கப்பட்ட அதிர்வெண் என்று பெயர். அது 2.405-க்குக் கீழே இருந்தால் ஒரே மோடு. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் சூத்திரத்துக்குள் இரண்டு கோணங்களின் சண்டை ஒளிந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

கோருக்குள் ஒளி நீளவாட்டில் மட்டும் போவதில்லை, சற்றே சாய்ந்தும் போகிறது. எவ்வளவு சாயலாம் என்பதைத் தீர்மானிப்பது ஒளிவிலகல் எண்ணில் உள்ள வித்தியாசம். எஸ்எம்எஃப்-28-இல் கோரின் எண் கிளாடிங்கைவிட 0.36 சதவீதம்தான் கூடுதல், ஏறத்தாழ 1.447-க்கு 1.452. இந்தச் சின்ன வித்தியாசத்துக்குக் கண்ணாடிக்குள் 4.86 பாகைவரைதான் சாய அனுமதி. அதைத் தாண்டினால் முழு அக எதிரொளிப்பு நடக்காது, ஒளி கிளாடிங்குக்குள் கசிந்துவிடும்.

அடுத்தது, ஒரு மோடு எவ்வளவு சாய வேண்டும் என்ற கேள்வி. முதல் மோடு நடுவில் பிரகாசமாகவும் ஓரங்களில் மங்கியும் இருக்கும் ஒரே ஒளித்திட்டு. இரண்டாவது மோடுக்கு நடுவே ஒரு இருண்ட கோடு, அதன் இருபுறமும் எதிர் எதிர் திசையில் அலையும் இரண்டு திட்டுகள். கோரின் குறுக்கே இரண்டு திட்டுகளை அடக்க வேண்டுமானால், குறுக்குத் திசையில் அலை வேகமாக ஏறி இறங்க வேண்டும். அதற்கு ஒளி கூடுதலாகச் சாய்ந்தாக வேண்டும். இடம் குறுகக் குறுகத் தேவைப்படும் சாய்வு கூடும். அலைநீளம் கூடினாலும் அப்படித்தான்.

ஆக, கோரின் விட்டமும் அலைநீளமும் சேர்ந்து இரண்டாவது மோடு கேட்கும் கோணத்தை நிர்ணயிக்கின்றன. ஒளிவிலகல் எண்ணின் வித்தியாசம் கிடைக்கும் கோணத்தை நிர்ணயிக்கிறது. கிடைப்பதற்கும் கேட்பதற்கும் உள்ள விகிதத்தைத்தான் V அளக்கிறது. நம் ஃபைபரில் 1550 நானோமீட்டரில் இரண்டாவது மோடு கேட்பது சுமார் 5.7 பாகை. கிடைப்பது 4.86. அதற்கு அங்கே இடமில்லை. 850 நானோமீட்டருக்கு வந்தால் கேட்பது 3.1 பாகைதான்; தாராளமாக உள்ளே வந்துவிடும். அதாவது சிங்கிள் மோடு என்பது ஃபைபரின் மேல் நிரந்தரமாக ஒட்டிய பட்டமல்ல. எந்த அலைநீளத்தில் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அதற்குப் பொருளில்லை.

2.405 வானத்திலிருந்து விழுந்ததல்ல. வட்டமான குறுக்குவெட்டில் அலைச் சமன்பாட்டைத் தீர்த்தால் பெஸல் சார்புகள் வரும். அவற்றில் J₀ என்ற சார்பு முதன்முதலாகச் சுழியைத் தொடும் இடம் 2.405. சீரான தோலை வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அடித்தால் அதன் அடிப்படை அதிர்வும் இதே எண்ணைக் கொண்டுதான் கணக்கிடப்படும். முதல் மோடுக்கு மட்டும் இப்படி ஒரு வாசல் எண் கிடையாது. நடுவில் இருண்ட கோடு இல்லாததால் குறைந்தபட்சச் சாய்வு என்று அது எதையும் கேட்பதில்லை. V எவ்வளவு குறைந்தாலும் கிளாடிங்குக்குள் பரந்து விரிந்தபடி எப்படியோ ஓடும்.

இனி 0.14-க்கு வருவோம். 0.36 சதவீத வித்தியாசத்திலிருந்து நேரடியாகக் கணக்கிட்டால் நியூமெரிக்கல் அப்பர்ச்சர் 0.123 என்றுதான் வரும். அப்படியானால் 0.14 எங்கிருந்து முளைத்தது? அது கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணிலிருந்து கணக்கிட்டதல்ல. ஃபைபரின் முனையிலிருந்து வெளியே விரியும் ஒளியை அளந்து, நடுவில் உள்ள செறிவில் ஒரு சதவீதமாகக் குறையும் கோணத்தை எடுத்து எழுதியது. சிங்கிள் மோடு ஃபைபரில் அந்த விரிவை நிர்ணயிப்பது ஒளித்திட்டின் அளவு. 1310 நானோமீட்டரில் திட்டின் ஆரம் 4.6 மைக்ரோமீட்டர். அந்த அளவுள்ள திட்டு விளிம்பு விளைவால் விரியும்போது ஒரு சதவீதக் கோணம் எவ்வளவு என்று கணக்கிட்டால் 0.1375 கிடைக்கிறது. தாளில் உள்ள 0.14 அதுதான். மல்டிமோடு ஃபைபரில் இவ்விரு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்; அந்தப் பழக்கத்தில் இங்கும் எடுத்துப் போட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால், சிங்கிள் மோடு ஃபைபருக்கு அந்த வரியை அச்சிடாமலே விட்டிருக்கலாம்.

V சரியாக 2.405 ஆகும் கட்-ஆஃப் அலைநீளமான λc-ஐ, சரியான 0.123-ஐப் போட்டு மறுபடி கணக்கிடுவோம்.

```
λc = 2π × 4.1 × 0.123 / 2.405 ≈ 1.32 μm
```

1500 இருந்த இடத்தில் 1320. ஆனாலும் தாள் உறுதியளிக்கும் 1260-க்கு 60 நானோமீட்டர் மேலே நிற்கிறோம்.

மிச்சமுள்ள இந்த இடைவெளிக்குக் காரணம் வேறு. 1320 என்பது முடிவில்லாமல் நேராக நீளும், படிபோல் கச்சிதமாக உயரும் ஒளிவிலகல் எண் கொண்ட கற்பனை ஃபைபருக்கான விடை. கட்-ஆஃபை நெருங்கும்போது இரண்டாவது மோடு திடீரென்று மறைந்துவிடாது. மெல்ல மெல்லக் கோரை விட்டு நழுவி, தன் ஆற்றலின் பெரும்பகுதியைக் கிளாடிங்கில் வைத்துக்கொண்டு, ஒட்டியும் ஒட்டாமலும் வரும். அந்த நிலையில் ஃபைபரில் லேசான வளைவு இருந்தால் போதும், உதிர்ந்துவிடும். கேபிளில் வளைவே இல்லாத ஃபைபர் ஏது? ஆகவே நடைமுறைக் கட்-ஆஃப் எப்போதும் கணக்கு சொல்வதற்குக் கீழேயே இருக்கும். தயாரிப்பில் ஒளிவிலகல் எண்ணின் உண்மையான படிவம் கச்சிதமான படியாக அமையாததும் இதில் கொஞ்சம் பங்கு வகிக்கிறது.

அளக்கும் விதமும் இதை ஒப்புக்கொண்டே அமைந்திருக்கிறது. 2 மீட்டர் ஃபைபரை எடுத்து, 140 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு சுற்று போட்டு, ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி வருகிறது என்று பதிவு செய்வார்கள். பிறகு 30 மில்லிமீட்டர் ஆரத்தில் சிறிய சுற்று ஒன்றைக் கூட்டி மறுபடி பதிவு செய்வார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வரைந்தால் ஒரு மேடு தெரியும். சிறிய சுற்றில் இரண்டாவது மோடு உதிரும் பகுதி அது. நீண்ட அலைநீளப் பக்கம் அந்த மேடு 0.1 டெசிபெலுக்குச் சரியும் இடமே கட்-ஆஃப். கேபிள் கட்-ஆஃபுக்கு 22 மீட்டர் நீளம் வைத்து அளப்பார்கள்; நீளம் கூடுவதால் இரண்டாவது மோடு இன்னும் அதிகம் தேய்ந்து, எண் மேலும் இறங்கும். 1260 என்ற வரம்புக்கும் காரணமுண்டு. 1310-ஐ நடுவே கொண்ட ஓ-பேண்ட் என்ற அலைநீளப் பட்டை 1260-இல்தான் தொடங்குகிறது. வீட்டு ஃபைபர் இணைப்பில் நம் பெட்டியிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் ஒளி இந்தப் பட்டையில்தான் ஓடுகிறது.

இந்தக் கட்-ஆஃபை எட்டக் கோரின் விட்டம் ஏன் குறிப்பாக 8 மைக்ரோமீட்டர்? V-க்கு வேண்டியது ஆரமும் நியூமெரிக்கல் அப்பர்ச்சரும் சேர்ந்த பெருக்கற்பலன் மட்டுமே. ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டலாம். கட்-ஆஃபைக் கணக்குப்படி 1260-இல் நிறுத்தி, இரண்டு கோடிகளையும் பார்ப்போம்.

முதலில் ஜெர்மேனியத்தைத் தாராளமாகச் சேர்த்து வித்தியாசத்தை ஒரு சதவீதமாக உயர்த்துவோம். கோரின் விட்டம் 4.7 மைக்ரோமீட்டராகச் சுருங்க வேண்டும். ஒளி இறுக்கமாகப் பிடிபடும், வளைத்தாலும் கசியாது. ஆனால் 1550-இல் ஒளித்திட்டின் ஆரம் 3 மைக்ரோமீட்டர்தான். இரண்டு முனைகளை இணைக்கும்போது ஒரு மைக்ரோமீட்டர் விலகினால் 0.48 டெசிபெல் போய்விடும். எஸ்எம்எஃப்-28-இல் அதே விலகலுக்கு இழப்பு 0.16 டெசிபெல், மூன்றில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, ஜெர்மேனியம் கூடினால் கண்ணாடிக்குள் ஒளிச்சிதறலும் கூடும். நெடுந்தொலைவில் அது பெரிய இழப்பு.

மறுகோடியில் கோரை 16 மைக்ரோமீட்டராகப் பெரிதாக்கினால் முனைகளை இணைப்பது சுலபம். ஆனால் ஒளிவிலகல் எண்ணின் வித்தியாசம் 0.09 சதவீதத்துக்கும் கீழே இறங்க வேண்டும். அவ்வளவு மெல்லிய படியைக் கிலோமீட்டர் கணக்கில் சீராக இழுப்பது கடினம். இழுத்துவிட்டாலும் கிடைக்கும் கோணம் 2.4 பாகைதான், லேசான வளைவிலேயே முதல் மோடும் வெளியேறத் தொடங்கும். இந்த இரண்டு தொல்லைகளுக்கும் நடுவில் பேரம் படிந்த இடம்தான் எட்டு, ஒன்பது மைக்ரோமீட்டர்.

V-ஐ இன்னும் கீழே இறக்கிப் பாதுகாப்பாக இருக்கலாமே என்றும் தோன்றும். 2.4-இல் ஒளியாற்றலில் சுமார் 80 சதவீதம் கோருக்குள் இருக்கிறது. V 1.2-க்கு இறங்கினால் திட்டின் ஆரம் கோரின் ஆரத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். ஒளியின் பெரும்பகுதி கிளாடிங்கில் ஓடும், சிறு வளைவுக்கும் தாங்காது. அதனால் வடிவமைப்பாளர்கள் கட்-ஆஃபை வேலை செய்யும் அலைநீளத்துக்குச் சற்றுக் கீழே, முடிந்தவரை நெருக்கமாகவே வைக்கிறார்கள்.

நெருக்கமாக வைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. நீண்ட கேபிளில் தேய்ந்துபோகும் இரண்டாவது மோடு, ஓரிரு மீட்டர் நீளமுள்ள இணைப்புக் கேபிளான பேட்ச் கார்டில் உயிரோடு மறுமுனைவரை போய்ச்சேர முடியும். ஒரு முனையின் கனெக்டர் சரியாகப் பொருந்தாமல் இரண்டாவது மோடைக் கிளப்பிவிட்டால், மறுமுனையின் மோசமான கனெக்டரில் அது முதல் மோடோடு மறுபடி கலக்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வந்ததால் ஒருசமயம் கூடும், ஒருசமயம் கழியும். பவர் மீட்டரில் இதன் அடையாளம், கார்டைத் தொட்டாலோ அறையின் வெப்பம் மாறினாலோ அளவு ஏறி இறங்குவது. அழுக்கான கனெக்டர் பெரும்பாலும் இழப்பை ஒரேயடியாகக் கூட்டும்; இது ஊசலாடும். வளைவைத் தாங்குவதற்காகக் கோரைச் சுற்றித் தாழ்ந்த ஒளிவிலகல் எண் கொண்ட வளையம் வைத்த புதிய ஃபைபர்களில் இன்னும் கவனம் வேண்டும். முதல் மோடைக் கசியாமல் காக்கும் வளையம், இரண்டாவதையும் சேர்த்தே காக்கிறது.

கருவி எதுவும் இல்லாமல் பல மோடுகளைப் பார்க்க ஆசைப்பட்டால் ஃபைபர் வேலை செய்பவர்களின் சிவப்பு லைட் பேனா போதும். அதன் அலைநீளம் சுமார் 650 நானோமீட்டர். எஸ்எம்எஃப்-28-இல் அங்கே V 4.9, நான்கு வகை மோடுகள் ஓட இடமுண்டு. மறுமுனையை ஒரு வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துவிட்டு, நடுவில் ஃபைபரை விரலால் மெல்ல அசைத்தால், தாளில் விழும் திட்டு வட்டமாகவும், இரண்டாகப் பிளந்தும், இதழ்களாகவும் மாறிக்கொண்டே இருக்கும். கண்ணில் நேராக மட்டும் பிடித்துவிடாதீர்கள்.