யூட்யூப் ஸ்ட்ரைக் வந்தா அப்பீல் பட்டனை உடனே அமுக்காதீங்க

யூட்யூப் சேனல்களை மேனேஜ் பண்றதுதான் எனக்கு வேலை. போன வருஷம் ஒரு ரிட்டயர்டு பேங்க் சார் போன் பண்ணாரு. கேஒய்சி அப்டேட்னு மெசேஜ் அனுப்பி காசு அடிக்கிற கும்பல் பத்தி மக்களை எச்சரிக்கிற சேனல் நடத்துறவரு, ஏமாந்து போன ஒரு அம்மாவைப் பாத்து மனசு கேக்காம ஆரம்பிச்சது. "தம்பி, திருடனைக் காட்டிக் கொடுத்ததுக்கு எனக்கு ஸ்ட்ரைக் போட்டுருக்காங்க"ன்னாரு. குரல் நடுங்குச்சு.

விதியை மீறுன வீடியோவுக்கு யூட்யூப் போடுற தண்டனைதான் ஸ்ட்ரைக். அவர் கதையை வச்சே அது எப்படி ஏறுதுன்னு சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இதே இடத்துலதான் மாட்டுறாங்க.

முதல் தப்புக்குப் பெரும்பாலும் வெறும் வார்னிங்தான் (ரொம்ப மோசமான வீடியோன்னா வார்னிங்கே இல்லாம சேனலே போயிடும், அது வேற). வார்னிங் வந்தா யூட்யூப் ஸ்டூடியோவுல ஒரு சின்ன பாலிசி ட்ரெய்னிங் குடுப்பாங்க, அதை முடிச்சா 90 நாள்ல வார்னிங் காலாவதி ஆயிடும், முடிக்கலைன்னா அது அப்படியே நிக்கும். ஆனா அந்த 90 நாளுக்குள்ள அதே பாலிசியை மறுபடி மீறுனா வார்னிங்கும் போகாது, ஸ்ட்ரைக்கும் வந்துடும். சாருக்கு ஜனவரி 20 வார்னிங், ட்ரெய்னிங் முடிச்சாரு, மார்ச் 3 அதே பாலிசியில முதல் ஸ்ட்ரைக்.

முதல் ஸ்ட்ரைக்குன்னா 1 வாரம் அப்லோடு, லைவ் எதுவும் முடியாது, ஷெட்யூல் பண்ணி வச்ச வீடியோவும் பிரைவேட் ஆயிடும், தடை முடிஞ்சதும் நாமதான் திரும்ப ஷெட்யூல் பண்ணணும். ரெண்டாவதுக்கு 2 வாரம். மூணாவது வந்தா சேனலையே எடுத்துடுவாங்க. இங்கதான் எல்லாரும் கணக்குல தப்பு பண்றாங்க, ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் தனித்தனி 90 நாள். மார்ச் 3 வந்தது ஜூன் 1 காலாவதி. ஏப்ரல் 10 ரெண்டாவது வந்தா அது ஜூலை 9 வரைக்கும். அப்புறம் மே 28 ஒண்ணு வந்தா மூணும் உயிரோட இருக்கு, சேனல் போச்சு. அதுவே ஜூன் 3 வந்தா முதலாவது காலாவதி ஆனதால கையில ரெண்டுதான். இதுல வீடியோ என்னைக்குப் போட்டதுங்கிறது கணக்கே இல்ல, ஸ்ட்ரைக் குடுத்த தேதிதான் கணக்கு. 3 வருஷத்துக்கு முன்னாடி போட்ட வீடியோவுக்கும் இன்னைக்கு ஸ்ட்ரைக் வரலாம்.

சார் எனக்கு போன் பண்றதுக்கு முன்னாடியே பதட்டத்துல அப்பீல் போட்டுட்டாரு. "ஐயா நான் சமூக சேவை செய்றேன், தயவுசெஞ்சு பாருங்க"ன்னு எழுதிருந்தாரு. ரெண்டு நாள்ல ரிஜெக்ட். ஒரு ஸ்ட்ரைக்குக்கு ஒரே ஒரு அப்பீல்தான், போட 90 நாள் டைம் இருந்துச்சு, அவசரத்துல அந்த ஒண்ணும் போயிடுச்சு.

ரிவ்யூ பண்றவங்க பாக்குறது நம்ம மனசை இல்ல, வீடியோவை. பாலிசிக்கு ஒத்து வருதான்னு பாப்பாங்க, கல்வி, ஆவணம், அறிவியல், கலை மாதிரி நோக்கம் இருந்தா அதுக்கு இடம் குடுப்பாங்க, ஆனா அந்த நோக்கம் வீடியோ, டைட்டில், டிஸ்கிரிப்ஷன்லயே தெரியணும். முடிவு மூணுல ஒண்ணு: வீடியோ திரும்பி வந்து ஸ்ட்ரைக் போகும், இல்ல ஏஜ் ரெஸ்ட்ரிக்ஷனோட திரும்பி வந்து ஸ்ட்ரைக் போகும், இல்ல வீடியோ திரும்பி வராது, ஸ்ட்ரைக்கும் அப்படியே நிக்கும்.

அவர் வீடியோவோட காப்பியை வாங்கிப் பாத்தேன். 40 நொடியிலேயே "இது மோசடி, யாரும் தொடாதீங்க"ன்னு தெளிவா சொல்றாரு. அதை அப்பீல்ல நிமிஷக் கணக்கோட எழுதிருக்கலாமேன்னு முதல்ல தோணுச்சு. ஆனா 2:15ல போலி சைட்டோட முழு அட்ரஸும் ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு தெரியுது, சைட் அப்ப உயிரோட இருந்துச்சு. பாஸ்வேர்டு திருடுற சைட்டோட லிங்க்குக்கு அனுமதி கிடையாது, டிஸ்கிரிப்ஷன்ல கிளிக் பண்ற மாதிரி போட்டாலும் சரி, வீடியோவுல எழுத்தாக் காட்டுனாலும் சரி. எச்சரிக்கை வீடியோவைப் பாத்தே ஒருத்தர் அந்த அட்ரஸை டைப் பண்ணிப் போகலாம் இல்லையா? எவ்வளவு நல்லா எழுதிருந்தாலும் இந்த அப்பீல் ஜெயிச்சிருக்காதுன்னு அவர்கிட்ட நேராவே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அது எனக்குத் தோணவே இல்லப்பா"ன்னாரு.

அவர் அடுத்து பண்ண நினைச்சது ரெண்டு. வீடியோவை டிலீட் பண்றது, அதனால ஸ்ட்ரைக் போகாது. வீட்டம்மா சேனல்ல அந்த வாரம் வீடியோ போடுறது, இதை நான் கத்தியே நிறுத்துனேன், ஏன்னா தடையை வேற சேனல் வழியா தாண்டுறதையே தனி மீறலா எடுத்து சேனலையே மூடலாம்.

பதிலா அந்த 1 வாரமும் பழைய வீடியோ எல்லாத்தையும் உக்காந்து பாத்தோம். டிஸ்கிரிப்ஷன்ல இருந்த மோசடி லிங்க்கை எல்லாம் எடுத்தோம், ஸ்க்ரீன்ல அட்ரஸ் தெரிஞ்ச இடத்தை ஸ்டூடியோ எடிட்டர்லயே பிளர் பண்ணோம். நாலாவது நாள் ஒரு பழைய வீடியோவுல, பிரவுசர் மேல் ஓரத்துல அரை நொடி ஒரு அட்ரஸ் வந்து போச்சு, நான் கவனிக்கல, சார்தான் "நிறுத்துப்பா, பின்னாடி போ"ன்னாரு.