துனிசியாவுக்குப் போன வேலூர் லாட்ஜ்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் சித்தப்பா வேலூரில் லாட்ஜ் நடத்துகிறார். தங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். எங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு பக்கமும் தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஆனால் லாட்ஜ் பெயரை கூகுளில் தேடினால் கொல்கத்தாக்காரருக்கும் ஆங்கிலப் பக்கம்தான், குடியாத்தத்துக்காரருக்கும் ஆங்கிலப் பக்கம்தான் வருகிறது. ஏன்?"

'வேலூர் லாட்ஜ் வாடகை' என்று தமிழ் எழுத்தில் தேடினால் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. தேடிய சொற்களே தமிழ்ப் பக்கத்தில் இருப்பதால் கூகுள் அதை எடுத்துக் கொடுத்துவிடும். பெயரைத் தேடும்போதுதான் தகராறு. கடைப் பெயரையும் லாட்ஜ் பெயரையும் நாம் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறோம். அந்தப் பெயர் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. எதைக் காட்டுவது? பழைய பக்கம், பலர் இணைப்புக் கொடுத்த பக்கம் முந்திக்கொள்ளும். அது ஆங்கிலப் பக்கமாக இருக்கும்.

இதைத் தீர்க்க கூகுள் 2011 டிசம்பரில் கொண்டுவந்த குறிதான் hreflang. பக்கத்தின் தலைப்பகுதியில், வருகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இப்படிச் சில வரிகள்:

```
<link rel="alternate" hreflang="ta"
  href="https://example.com/ta/arai/">
<link rel="alternate" hreflang="en"
  href="https://example.com/en/rooms/">
<link rel="alternate" hreflang="x-default"
  href="https://example.com/en/rooms/">
```

மூன்றாவது வரி, தமிழும் இல்லாமல் ஆங்கிலமும் இல்லாமல் வருகிறவருக்கு எதைக் காட்டுவது என்று சொல்கிறது. ஒரு பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று கூகுளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்தைப் படித்து அதுவே கண்டுகொள்ளும். இந்த வரிகள் சொல்வது உறவு முறையை: இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விஷயம், மொழிதான் வேறு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த உறவை கூகுள் சரிபார்க்கிற விதம். ஊரில் பெரிய மனிதர் ஒருவருக்குத் தான் சொந்தம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பெரிய மனிதரும் 'ஆமாம், எங்கள் பையன்தான்' என்று சொன்னால்தான் அது சொந்தம். hreflang-இலும் அப்படியே. ஆங்கிலப் பக்கம் தமிழ்ப் பக்கத்தைக் கைகாட்டினால் போதாது. தமிழ்ப் பக்கமும் திரும்ப ஆங்கிலப் பக்கத்தைக் கைகாட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொன்னால் அந்த ஜோடியையே கூகுள் கண்டுகொள்ளாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இந்தக் கட்டாயம் இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன் பக்கத்தில் 'ஊரறிந்த அந்த லாட்ஜின் தமிழ் வடிவம் நான்தான்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அவர்களுக்கு வர வேண்டிய ஆட்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். பதில் சாட்சி கேட்பதால் அந்தத் திருட்டு நடக்காது. ஒரு காவல்காரர்கூட இல்லாமல், இரண்டு வரிகளை ஒப்பிட்டுப் பார்த்தே வேலை முடிகிறது.

உறவு உறுதியானதும் இரண்டும் ஒரே குடும்பமாகக் கணக்கில் வரும். அப்புறம் யாராவது தேடும்போது, குடும்பத்தில் எந்த முகவரி பட்டியலில் ஏறினாலும், தேடுகிறவரின் மொழிக்கும் நாட்டுக்கும் பொருந்துகிற முகவரியை அந்த இடத்தில் மாற்றி வைக்கிறது கூகுள். ஆளை மாற்றி உட்கார வைப்பதுதான் நடக்கிறது, நாற்காலி முன்னால் நகர்வதில்லை. இதைப் போட்டால் முதல் இடத்துக்கு வந்துவிடலாம் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் வியாபாரம் பெருகும் என்கிற எண் ஜோதிடத்தில்தான் நான் அதைச் சேர்ப்பேன்.

சரி, சித்தப்பாவின் லாட்ஜுக்கு வருவோம். இரண்டு பக்கங்களையும் கணினியில் திறந்து, Ctrl+U தட்டி, விரிகிற மூலக் குறியீட்டில் hreflang என்று தேடிப் பார்த்தேன். ஆங்கிலப் பக்கத்தில் வரிகள் இருந்தன. தமிழ்ப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் தயாராகி ஒரு வருஷம் கழித்து வேறொருவர் அந்த வரிகளை ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் போட்டுக் கொடுத்தாராம். ஆக, பதில் சாட்சி இல்லை.

ஆங்கிலப் பக்கத்து வரியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. `ta-TN` என்று இருந்தது. எழுதியவர் தமிழ், தமிழ்நாடு என்று நினைத்திருக்கிறார். இந்தக் குறியில் முதல் பாதி மொழி, இரண்டாவது பாதி நாடு. மாநிலத்துக்கு அதில் இடமே கிடையாது. நாடுகளின் பட்டியலில் TN என்பது துனிசியா. வட ஆப்பிரிக்காவில் வாழும் தமிழர்களுக்காக வேலூரில் அறை போட்டு வைத்திருக்கிறார் சித்தப்பா! குறி முறைப்படி சரியாக இருப்பதால் சரிபார்க்கும் கருவிகள் பிழை என்றும் காட்டாது, அதுதான் வம்பு. வெறும் `tn` என்று போட்டிருந்தாலோ மொழியே மாறியிருக்கும். அது போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பேசும் ஸ்வானா மொழி. தமிழுக்கு `ta` போதும். இலங்கைக்குத் தனி விலை, சிங்கப்பூருக்குத் தனி விலை என்று தனித்தனிப் பக்கம் இருந்தால்தான் `ta-LK`, `ta-SG` எல்லாம் வேண்டும்.

மூன்றாவது கோளாறுதான் பெரியது. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலப் பக்கத்திலிருந்து நகலெடுத்துச் செய்திருக்கிறார்கள். அதோடு இந்த வரியும் வந்து ஒட்டிக்கொண்டது:

```
<link rel="canonical"
  href="https://example.com/en/rooms/">
```

'நான் நகல், அசல் அங்கே இருக்கிறது' என்று இதற்கு அர்த்தம். தமிழ்ப் பக்கமே தன்னை நகல் என்று சொல்லிக்கொண்டால் கூகுள் அதைப் பெரும்பாலும் தன் பட்டியலில் தனியாக வைக்காது. பட்டியலில் இல்லாத பக்கத்தை எப்படி மாற்றி வைப்பது? ஒவ்வொரு மொழிப் பக்கத்திலும் canonical வரி அந்தப் பக்கத்தையே காட்ட வேண்டும். தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தமிழ்ப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பார்த்தால் கூகுள் எதை அசலாக எடுத்துக்கொண்டது என்று சொல்லிவிடும். அங்கே ஆங்கில முகவரி இருந்தால் hreflang-ஐத் திருத்தி ஒரு பயனும் இல்லை, முதலில் இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

மூன்றையும் திருத்தினார்கள். இரண்டு பக்கங்களையும் கூகுள் மறுபடி வந்து படித்த பிறகுதான் மாற்றம் தெரியும் என்று சொல்லியிருந்தேன். சில வாரம் கழித்து வாசகர் எழுதினார்: குடியாத்தத்து அத்தையின் போனில் தமிழ்ப் பக்கம் வருகிறது, சித்தப்பாவின் போனில் இன்னும் ஆங்கிலம்தான்.

அதில் தப்பில்லை. அத்தையின் போன் தமிழில் இருக்கிறது. சித்தப்பா போனை வாங்கிய நாளிலிருந்து ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார். வீட்டில் அவர் என்ன பேசுகிறார் என்பது கூகுளுக்குத் தெரியாது, பெரும்பாலும் மொழி அமைப்பைத்தான் பார்க்கிறது. நம் ஊரில் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழ் படிக்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு hreflang உதவாது. ஆங்கிலப் பக்கத்தின் உச்சியில் 'தமிழில் படிக்க' என்று தமிழ் எழுத்திலேயே ஒரு இணைப்பு வைக்கச் சொன்னேன்.

இப்போது சித்தப்பா வங்காள மொழியிலும் பக்கம் போட ஆள் தேடுகிறாராம். அந்தப் பக்கத்துக்கான hreflang வரி புதுப் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது, தமிழ், ஆங்கிலப் பக்கங்களிலும் சேர வேண்டும். குறி `bn` என்றே இருக்கட்டும். `bn-IN` என்று போட்டுவிட வேண்டாம். டாக்காவிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள்.