21 நாள் என்றால் எந்த 21 நாள்?

பாளையங்கோட்டையில் கம்பெனிச் செயலராகத் தொழில் செய்கிறேன். செப்டம்பர் பிறந்தால் இதே பாடுதான். இம்முறை வந்தது பட்டியலிடப்படாத ஒரு பப்ளிக் லிமிடெட் கம்பெனி. பங்குதாரர்கள் 40 பேர். ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30 காலை 10.30 மணிக்கு. செப்டம்பர் 9 அன்று எல்லோருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வந்திருந்தார் இயக்குநர். "ஒன்பதும் இருபத்தொன்றும் முப்பது, கணக்கு சரிதானே சார்?"

இல்லை அண்ணாச்சி. சட்டம் கேட்பது 21 முழு நாட்கள். நோட்டீஸ் சேர்ந்த நாளும் சேராது, கூட்ட நாளும் சேராது. தபாலில் போட்ட நாளும் சேர்ந்த நாளும் ஒன்றல்ல. போட்டு 48 மணி நேரம் கழிந்த பிறகுதான் சேர்ந்ததாகக் கொள்வார்கள். 9-ஆம் தேதி போட்டது 11-ஆம் தேதி சேர்ந்தது. 12 முதல் 29 வரை எண்ணுங்கள்: 18 நாட்கள்தான். 6-ஆம் தேதியாவது தபாலில் சேர்த்திருக்க வேண்டும். ரசீதில் உள்ள தேதியிலிருந்து எண்ணாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! மின்னஞ்சலுக்கு இந்த 48 மணி நேரம் இல்லை. ஆனால் உறுப்பினர் பதிவு செய்து வைத்த முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டதை நோட்டீஸ் என்று என்னிடம் காட்டாதீர்கள்.

குறைந்த கால நோட்டீஸுக்கு வழி உண்டு. வாக்களிக்கும் உரிமையுள்ள உறுப்பினர்களில் 95 சதவீதத்தினர் எழுத்திலோ மின்னஞ்சலிலோ சம்மதிக்க வேண்டும். 40 பேரில் 38 பேர். இங்கே 37 சம்மதங்கள்தான் வந்தன. பம்பாயில் இருக்கும் இருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. அவருடைய பங்குகள் இன்னும் வாரிசுகள் பெயருக்கு மாறவில்லை. நோட்டீஸ் அவருடைய வாரிசுக்கும் தணிக்கையாளருக்கும் போயிருக்க வேண்டும், போகவில்லை. கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. கெடுவான செப்டம்பர் 30-ஐத் தாண்ட, அது முடியும் முன்பே கம்பெனிப் பதிவாளரிடம் காரணம் சொல்லி நீட்டிப்பு கேட்க வேண்டும்.

அந்த நோட்டீஸின் நிகழ்ச்சி நிரல் கடைசியில் "இதர விஷயங்கள்" என்று ஒரு வரி. அதற்குள் நிலம் விற்கும் தீர்மானத்தை ஒளித்து வைக்க முடியாது. கணக்கு, ஈவுத்தொகை, ஓய்வு பெறும் இயக்குநர், தணிக்கையாளர் நியமனம் தவிர மற்றவை எல்லாம் சிறப்பு அலுவல். ஒவ்வொன்றுக்கும் விளக்கக் குறிப்பு வேண்டும்.

என்னை வருத்துவது பதிலாள் படிவம். பதிலாள் நியமிக்கலாம், அவர் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை என்பதை நோட்டீஸில் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். பல நோட்டீஸ்களில் அது பின்பக்கத்து அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் கிடக்கிறது. வேறொரு கூட்டத்தில், அம்பாசமுத்திரத்துப் பாட்டி ஒருவரின் படிவத்தைப் பேரன் முதல் பஸ்ஸில் கொண்டு வந்தான், பாட்டியின் நடுங்கிய கையெழுத்தோடு. கூட்டம் தொடங்க 48 மணி நேரம் முன்பே வந்திருக்க வேண்டியது அது, செல்லுபடியாகவில்லை. வந்திருந்தாலும் பதிலாள் கூட்டத்தில் பேச முடியாது. கையுயர்த்தி வாக்களிக்கவும் முடியாது, வாக்கெடுப்பில் மட்டுமே வாக்கு. அதையும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

தயவுசெய்து நோட்டீஸில் "48 மணி நேரம் முன்பு" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். "செப்டம்பர் 28 காலை 10.30-க்குள் பதிவு அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும்" என்று தேதியும் மணியும் போட்டு, தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.