மூன்று இடத்தில் ஒரே ‘இல்’: இன், ஆன், அட் எங்கே குழப்புகின்றன?

பட்டர்வொர்த்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் என் மாணவர் ஒருவர் பினாங்குத் தீவுப் பக்கம் ஃபெரி ஏறியதும், இந்தப் பக்கம் காத்திருந்த மேலாளருக்கு ‘ஐ எம் அட் தி ஃபெரி’ என்று செய்தி அனுப்பினார். ஏறிவிட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தார். மேலாளரோ ஆள் இன்னும் ஜெட்டியில்தான் நிற்கிறார் என்று எடுத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார், இவர் இறங்கிப் பார்த்தால் யாருமே இல்லை. ‘ஆன் தி ஃபெரி’ என்று எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

இதில் அவர் தப்பு என்ன இருக்கிறது? ஃபெரியில், காரில், ஜெட்டியில், பினாங்கில் என எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலத்தில் அட் என்றால் ஆள் எந்த இடத்தில் இருக்கிறார் என்று மட்டும்தான் தெரியும், உள்ளேயா வெளியேயா என்று அது சொல்லாது. அதனால் ‘அட் தி ஜெட்டி’ சரி, ‘அட் தி கார்’ என்றால் காருக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். வண்டிகளுக்கு நான் வகுப்பில் சொல்வது இதுதான்: உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் ஆன், உட்கார மட்டும் முடிந்தால் இன். பஸ், ரயில், விமானம், ஃபெரி எல்லாம் ஆன். கார், டாக்சி, சின்ன சம்பான் எல்லாம் இன். மோட்டார் சைக்கிளில் நடக்க முடியாதே என்று கேட்பார்கள், அதன் மேல் ஏறி உட்காருகிறோம், அதனால் அதுவும் ஆன். அப்புறம் ஊர், மாநிலம் என்றால் இன் (‘இன் பினாங்’), தீவு என்று சொன்னால் மட்டும் ‘ஆன் தி ஐலண்ட்’.

நேரத்தைப் பொறுத்தவரை தமிழே நமக்குக் கைகொடுக்கிறது, இதை யாரும் சொல்லித்தராததுதான் எனக்கு வருத்தம். 9 மணி‘க்கு’ என்கிறோம், அது அட். காலை‘யில்’, ஜூன் மாதத்‘தில்’, 2019‘இல்’ என்கிறோம், அது இன். ‘அன்று’ ஒட்டினால் ஆன்: திங்கட்கிழமையன்று, 5ஆம் தேதியன்று, தைப்பூசத்தன்று. அன்று, ஆன், ஓசையே கிட்டத்தட்ட ஒன்றுதான்! ‘மண்டே மார்னிங்’ வரும்போது பலர் காலையைப் பார்த்து இன் போட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமையன்று காலை என்று சொல்லிப் பாருங்கள், அன்று வந்துவிட்டது, ஆகவே ‘ஆன் மண்டே மார்னிங்’.

கிளினிக் கவுண்டரில் வேலை செய்யும் ஒரு தங்கை நோயாளிகளுக்கு அனுப்பும் செய்தியைக் காட்டினார்: ‘அட் டியூஸ்டே, இன் 9.30, இன் லெவல் 2’. மூன்றுமே தப்பு. செவ்வாயன்று, அதனால் ஆன், 9.30க்கு, அதனால் அட். மாடி என்பது நாம் நிற்கும் தளம், அதனால் ஆன். திருத்தியதும் ‘ஆன் டியூஸ்டே அட் 9.30, ஆன் லெவல் 2’ என்று ஆனது.

இந்த வழி முக்கியமாக இரண்டு இடத்தில் கைவிடும். இரவில் என்பது ‘அட் நைட்’. அடுத்த, போன, இந்த, ஒவ்வொரு என்று வந்தால் மூன்றில் எதுவுமே கூடாது; ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ இல்லை, வெறும் ‘நெக்ஸ்ட் மண்டே’.